இழுப்பறைக்குள் இருக்கிறது உங்கள் பேச்சு

கேள்வி: நான் ஒரு பலதுறை மருந்தகத்தில் பதிவு முகப்பில் வேலை செய்கிறேன். எங்களுடன் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்த அக்கா ஓய்வு பெறுகிறார். தமிழ் ஊழியர்கள் சேர்ந்து சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விருந்து வைக்கிறோம். அவர் கணவரும் மகளும் வருவார்கள். பேச்சு என் பொறுப்பு. ‘கடின உழைப்பாளி, பொறுமைசாலி, அர்ப்பணிப்பு மிக்கவர்’ என்று ஒரு பக்கம் எழுதினேன். படித்தால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் போல இருக்கிறது. சிரிக்கவைக்க ஒன்று வேண்டும். புதிய கணினி முறை வந்தபோது அவர் ஒரு விரலால் தட்டியதைச் சொல்லலாமா? ஏர்கான் ரிமோட்டைத் தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொள்வார், 25க்குக் கீழே இறக்க விடமாட்டார். அந்த இழுப்பறையில்தான் பிஸ்கட், தைலம், டிஷ்யூ எல்லாம். நான் சேர்ந்த முதல் வாரம் ஒருவர் கவுண்டரில் கத்திவிட்டுப் போக, அழுத என்னைத் தேற்றியவரும் அவர்தான். எப்படி எழுதுவது?
– வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: அந்த ஒரு பக்கத்தை எடுத்து வைத்துவிடுங்கள். உங்கள் கடிதத்தின் கடைசி மூன்று வரிகளில் பேச்சு முழுவதும் இருக்கிறது.

முதலில் ஒரு விரல் விஷயம். அது வேண்டாம். அதில் சிரிப்பு வருவது அவர் வயதையும் தடுமாற்றத்தையும் பார்த்து. உங்களுக்குள் பேசும்போது அவரே சேர்ந்து சிரித்திருக்கலாம். ஆனால் கணவரும் மகளும் உட்கார்ந்திருக்கும் மேசையில் அதே பேச்சு வேறு மாதிரி கேட்கும். உடம்பு, நோய், சம்பளம், வீட்டுக்காரர் ஆகிய நான்கையும் இதே காரணத்துக்காகத் தொடாதீர்கள். நல்ல கேலிக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: அந்தக் கதையை அவர் தானாகவே பிறரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாரா? ரிமோட் கதையை அவர் சொல்லியிருப்பார் என்று பந்தயம் கட்டுவேன். அது அவருடைய அதிகாரத்தைப் பற்றிய கேலி, இயலாமையைப் பற்றியது அல்ல.

அதைவிட முக்கியமானது, ரிமோட்டும் டிஷ்யூவும் ஒரே இழுப்பறையில் இருக்கின்றன. இது வாய்த்தது உங்கள் அதிர்ஷ்டம். பல பிரிவுபசாரப் பேச்சுகளில் நகைச்சுவை தனியாக வரும், பாசம் தனியாக வரும். நடுவில் ‘சரி, இப்போது கொஞ்சம் உருக்கமாக’ என்று பேச்சாளர் குரலை மாற்றிக்கொள்வார். உங்களுக்கு அந்தச் சங்கடமே இல்லை. இழுப்பறையைத் திறந்தால் முதலில் சிரிப்பு, கொஞ்சம் உள்ளே கைவிட்டால் பாசம். இப்படி எழுதிப் பாருங்கள்:

“அனைவருக்கும் வணக்கம். எங்கள் பின்னறையில் ஓர் ஏர்கான் உண்டு. அதன் ரிமோட் எங்கே என்று புதிதாக வருகிறவர்கள் தேடுவார்கள். நாங்கள் சொல்வதில்லை. அது அக்காவின் இழுப்பறையில் இருக்கும், பூட்டோடு. 25க்குக் கீழே வேண்டும் என்று கேட்டால் அக்கா பதில் சொல்லமாட்டார், ஒரு பார்வை பார்ப்பார். திங்கட்கிழமையிலிருந்து ரிமோட் எங்கள் கைக்கு வருகிறது. 22இல் வைப்பது என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்துவிட்டோம். பொத்தானை யார் அழுத்துவது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.”

இங்கே நிறுத்துங்கள். சிரிப்பு அடங்கும்வரை தாளைப் பார்த்துக்கொண்டிருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சிரிக்காதீர்கள், ‘சும்மா ஜோக்’ என்று விளக்கமும் கொடுக்காதீர்கள். சிரிப்பே வரவில்லையா? பரவாயில்லை, அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். அது ஏர்கானைப் பற்றிய செய்தியாகவே நின்றுவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இன்னொரு ஜோக் சேர்க்கும் ஆசை வரும். இரண்டாவது வந்தால் மூன்றாவதற்குக் காத்திருப்பார்கள், டிஷ்யூவுக்கு இடம் இருக்காது.

“அதே இழுப்பறையை நான் முதல் தடவை திறந்து பார்த்தது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில். கவுண்டரில் ஒருவர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். நான் பின்னறைக்கு ஓடினேன். அக்கா பின்னாலேயே வந்து . . .”

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள்தான் எழுத வேண்டும். அவர் என்ன சொன்னார், அல்லது ஒன்றும் சொல்லாமல் ஒரு பிஸ்கட்டை நீட்டினாரா? அவர் சொன்ன வார்த்தையை அவர் சொன்ன மாதிரியே போடுங்கள். ‘போமா, மூஞ்சியக் கழுவிட்டு வா’ என்றிருந்தால் அதையே எழுதுங்கள். மேடைத் தமிழுக்கு மாற்றினால் அக்கா காணாமல் போய்விடுவார். பொறுமைசாலி என்ற சொல்லை இந்தக் காட்சிக்குப் பிறகு சொல்லவே தேவையில்லை.

இன்னும் ஒரே ஒரு சம்பவம் போதும், அது நீங்கள் சேர்வதற்கு முந்தைய காலத்திலிருந்து வரட்டும். முப்பது ஆண்டு என்றால் 2003இல் சார்ஸ் வந்தபோது அவர் கவுண்டரில் இருந்திருக்கிறார். சார்ஸ் நோயாளிகளை டான் டோக் செங் மருத்துவமனைக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மருந்தகத்துக்குள் யார் இருமினாலும் எல்லாரும் திரும்பிப் பார்த்த காலம். அப்போது அவருடன் இருந்த பழைய ஊழியர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். ‘அக்கா எப்படிப்பட்டவர்?’ என்று கேட்காதீர்கள். கேட்டால் ‘ரொம்ப நல்லவங்க’ என்ற பதில்தான் கிடைக்கும். ‘அந்த நேரத்தில் அவங்க செய்த எதாவது ஒன்று ஞாபகம் இருக்கா?’ என்று கேளுங்கள். கிடைப்பது சின்ன விஷயமாக இருந்தாலும் அதை வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்த ஆண்டையும் அவரிடமே சரிபாருங்கள். அது தப்பானால் உடனே திருத்துகிறவர் அவர் கணவராகத்தான் இருப்பார், அதுவும் சத்தமாக.

முடிவு எழுதுவதற்கு முன் இன்னொன்றையும் விசாரியுங்கள்: அக்கா உண்மையிலேயே வேலையை விடுகிறாரா? நம் ஊரில் இது தேவையான கேள்வி. 2026 ஜூலை 1 முதல் ஓய்வு வயது 64, மறுவேலை நியமன வயது 69. விருந்து முடிந்த மாதமே ஒப்பந்தத்தில் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்காருகிறவர்கள் உண்டு. அப்படி வரப்போகிறவரைக் கண்ணீரோடு வழியனுப்பினால் அடுத்த வாரம் பேன்ட்ரியில் முகம் பார்க்கக் கூச்சமாக இருக்கும். ‘இனி ஓய்வாகப் பேரப்பிள்ளைகளோடு இருங்கள்’ என்ற வரியையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் போடாதீர்கள். மகளுக்குப் பிள்ளை இல்லை என்றால் அந்த ஒரு வரி இரண்டு பேரை நோகடிக்கும். அவர் என்ன செய்யப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ, தையலோ, ஊருக்கு ஒரு பயணமோ, அதைச் சொல்லி முடியுங்கள். கடைசி வரியை மட்டும் கூட்டத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, ‘அக்கா’ என்று கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நீளம் நான்கு நிமிடம். தாளில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அழுகை வந்தால் கண் தேடுவது சிறிய எழுத்தை அல்ல. வீட்டில் ஒரு தடவை சத்தமாகப் படித்து, கைத்தொலைபேசியில் நேரம் பாருங்கள். நீண்டால் உங்களைப் பற்றிய வாக்கியங்களில் கைவையுங்கள்.

அப்புறம், கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, இலை போடுவதற்கு முன் பேசிவிடுங்கள். சோறும் மீன்குழம்பும் வந்த பிறகு, எவ்வளவு நல்ல பேச்சாக இருந்தாலும் யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். அக்கா உட்பட.