அறிமுக உரை: மூன்றாவது முறை என்ன சொல்வது?

சென்னையில் 22 வருடமாகப் புத்தக வெளியீடு, பள்ளி ஆண்டு விழா என்று மேடைகளைத் தொகுத்து வழங்குகிறேன். கேட்டவற்றில் எனக்குத் தெரிந்ததற்கு மட்டும் பதில். கல்யாண மேடை என் பக்கம் இல்லை.

"அம்பத்தூரில் எங்கள் குடியிருப்பில் பொங்கல் விழா. சிறப்பு விருந்தினர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இரண்டு பக்க பயோடேட்டா கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஒரு நிமிடம்தான். எதை விடுவது?"

பட்டங்கள், விருதுகள், பொறுப்புகள் எல்லாவற்றையும் விடுங்கள். நீங்கள் அனுப்பியதில் ஏழாவது வரியில் 'இடைநின்ற மாணவர்களை மீண்டும் சேர்த்தமை' என்று இருக்கிறது. கீழே நீங்களே கையால் எழுதியிருக்கிறீர்கள்: டீச்சர் வீட்டுக்கெல்லாம் போவாராம், மார்க்கெட்டுக்குக்கூடப் போனாராம் என்று. உங்கள் அறிமுகம் அங்கேதான் இருக்கிறது. நான் சொன்னால் இப்படிச் சொல்வேன்:

"பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போனார். வீட்டில் இல்லாத பிள்ளையைத் தேடி மார்க்கெட்டுக்குப் போனார். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளியைத் தேடிப் போனார். மறுநாள் காலை அந்தப் பிள்ளை வகுப்பில் இருந்தான்."

'தேடி', 'போனார்' இரண்டும் மூன்று முறை வருகின்றன. முதல் தடவை அது வெறும் செய்தி. இரண்டாம் தடவை காது அடையாளம் கண்டுகொள்கிறது. மூன்றாம் தடவை கேட்பவர் 'போனார்' என்பதை உங்களுக்கு முன்னாலேயே மனதுக்குள் சொல்லிவிடுவார். அதனால் மூன்றாவதில் வேறு ஏதாவது மாற வேண்டும். இங்கே தேடப்படுவது பிள்ளை இல்லை, முதலாளி, வாக்கியமும் நீள்கிறது. மூன்றும் ஒரே அளவில் இருந்தால் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஆகிவிடும்.

ஒரு வாக்கியம் முடிந்த இடத்திலேயே அடுத்தது தொடங்குவதையும் கவனியுங்கள். வீடு, அப்புறம் வீடு. மார்க்கெட், அப்புறம் மார்க்கெட். நம் அந்தாதிப் பழக்கம்தான். துண்டுச்சீட்டு இல்லாமல் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. முதல் வரி நினைவிருந்தால் மற்றது தானாக வந்துவிடும்.

இன்னொன்று. "இன்னார் அவர்களைப் பேச வருமாறு அன்புடன் அழைக்கிறேன்" என்று முடித்தால் பெயர் நடுவில் மாட்டிக்கொள்ளும். கை எங்கே தட்டுவது என்று கூட்டத்துக்குத் தெரியாது. "பேச வருகிறார்" என்று சொல்லி, ஒரு மூச்சு விட்டு, பெயரைக் கடைசியில் வையுங்கள்.

எதற்கும் டீச்சருக்கு போன் பண்ணி, இதெல்லாம் நடந்ததா என்று கேட்டுவிடுங்கள். 'போனாராம்' என்பதை நம்பி மேடை ஏறாதீர்கள்.

"அடுத்த வாரம் ஐ.டி. கம்பெனியில் இன்டர்வியூ. 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'க்கு இதே முறை சரிவருமா?"

மூன்று விஷயம் சரி. சொல்லைத் திரும்பச் சொல்வது வேண்டாம். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் அது நாடக வசனம் மாதிரி இருக்கும்.

"மூன்று முறை என்றால் விருந்தினர் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டுமா? எங்கள் மண்டபத்தில் எக்கோ அதிகம்."

இல்லை. பெயரை மூன்று முறை சொன்னால் காணாமல் போனவரைத் தேடுகிற அறிவிப்பு போலாகிவிடும். எக்கோ இருந்தால் ஒவ்வொரு 'போனார்'க்கும் பிறகு கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள்.

"மிருதங்கம் கற்கிறேன். தீர்மானத்தில் ஒரே சொல்லை மூன்று முறை வாசித்துத்தான் தாளத்தில் வந்து சேர்கிறோம். மூன்றாவது மாறுவதே இல்லை. நீங்கள் மாற்றச் சொல்கிறீர்களே?"

நல்ல கேள்வி. டிசம்பர் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் முடியும்போது பாருங்கள். மூன்றாவது சுற்று தொடங்கியதுமே ரசிகர்கள் கையைத் தயாராக வைத்திருப்பார்கள். அங்கே எங்கே போய் விழும் என்பதைத் தாளம் சொல்லிவிடுகிறது. பேச்சுக்கு அப்படி ஒரு தாளம் கிடையாது. வாக்கியம் நீண்டால்தான் முடியப் போகிறது என்று காதுக்குத் தெரியும். நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். உங்கள் குருவிடமும் கேளுங்கள்.

"ஓய்வுபெற்ற தமிழாசிரியன். மூன்று மூன்றாக அடுக்குவது மேல்நாட்டுச் சரக்கு. வள்ளுவர் 35ஆம் குறளில் அழுக்காறு, அவா, வெகுளி, இன்னாச்சொல் என்று நான்கு சொல்கிறார்."

ஐயா, திரிகடுகம் எந்த நாட்டுச் சரக்கு? ஒவ்வொரு பாட்டிலும் மூன்று செய்தி, சுக்கு மிளகு திப்பிலி போல. அறம், பொருள், இன்பம் மூன்று. இயல், இசை, நாடகமும் மூன்று.

"அதே கீழ்க்கணக்கில் சிறுபஞ்சமூலம் ஐந்து, ஏலாதி ஆறு. 411ஆம் குறளில் 'செல்வம்' ஐந்து முறை வருகிறது. அது காதுக்கு இனிக்கவில்லையா?"

இனிக்கிறது ஐயா, இதில் நீங்கள் ஜெயித்தீர்கள். ஆனால் அது சொல் திரும்புவது. எத்தனை செய்தி என்பது வேறு கணக்கு. அந்தக் குறள் ஐந்து முறை 'செல்வம்' என்றாலும் சொல்வது ஒரே செய்தி, கேள்விச் செல்வம். ஒரே செய்தியைச் சுற்றினால் ஒரு சொல் ஐந்து முறையும் தாங்கும். ஏலாதியின் ஆறும் படிக்கிறவருக்குச் சரி, அவர் திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவருக்கு அந்த வசதி இல்லை. நீங்கள் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும்.

"நாலு பாயிண்ட் வைக்கலாமா?"

மேலே படியுங்கள்.

"எங்கள் சேர்மனுக்கு நாலு சாதனை இருக்கிறது. ஒன்றை விட்டால் கோபிப்பார்."

கோபிக்கட்டும். முடியாதென்றால் நாலாவதை நன்றியுரை சொல்பவரிடம் தள்ளிவிடுங்கள்.

"'இவர்தான்... இவர்தான்...' என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்குமா?"

நானே மாட்டிக்கொண்ட இடம் இது. மயிலாப்பூரில் ஒரு சின்ன அரங்கில் கவிதை நூல் வெளியீடு. மூன்று 'இவர்தான்' சொன்னதும் கைதட்டினார்கள். அந்த ருசியில் ஏழு வரை போனேன். ஐந்தாவதில் பின் வரிசை என்னோடு சேர்ந்து 'இவர்தான்' என்றது. ஆறாவது தகவலே தப்பு. கவிஞர் மைக்கைப் பிடித்ததும் முதல் வேலையாக அதைத் திருத்தினார். போன் பண்ணிக் கேட்கச் சொல்வது இதனால்தான்.

'இவர்தான்' தலைவரை மேடைக்கு அழைக்கும் குரல். உங்கள் விருந்தினர் செய்த வேலையிலிருந்து ஒரு வினைச்சொல்லை எடுங்கள். தமிழில் வினை கடைசியில்தான் வருகிறது. திரும்பத் திரும்ப அங்கே விழுந்தால் தானாகவே ஓசை கிடைக்கும்.

"அம்பத்தூர்தான் மறுபடியும். டீச்சரிடம் கேட்டேன். வீட்டுக்குப் போனது உண்மை. மார்க்கெட் இல்லையாம், லேத் பட்டறை. முதலாளியைப் பார்க்கவே இல்லையாம், பையனே கூட வந்துவிட்டானாம். மூன்றாவது போச்சே?"

போகட்டும். மூன்று வேண்டும் என்பதற்காக முதலாளியை உண்டாக்கக் கூடாது. இரண்டை அப்படியே வைத்து, மூன்றாவதை உங்கள் குடியிருப்புக்குக் கொடுங்கள்:

"பள்ளிக்கு வராத பிள்ளையைத் தேடி வீட்டுக்குப் போனார். வீட்டில் இல்லாத பிள்ளையைத் தேடி லேத் பட்டறைக்குப் போனார். இத்தனை பிள்ளைகளைத் தேடிப் போனவரைத் தேடி, இந்தப் பொங்கலுக்கு நாங்கள் போனோம். பேச வருகிறார்..."

அப்புறம் பெயர். இனிஷியல் சரியா என்று அதையும் கேட்டுவிடுங்கள்.