'நல்லாயிருக்கேன், நீங்க?'

கேள்வி: யார் 'நல்லாயிருக்கியா?' என்று கேட்டாலும் 'நல்லாயிருக்கேன், நீங்க?' என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா, 'உன்கிட்ட பேசுறதும் டிக்கெட் மிஷின்கிட்ட பேசுறதும் ஒண்ணுதான் பிள்ளே' என்று சிரித்துக்கொண்டே குத்திவிட்டார். அதற்காகக் கேட்கிறவர்களிடமெல்லாம் சொந்தக் கதையைச் சொல்ல முடியுமா?

— வாசகி, குலசேகரம்

பதில்: அக்காவைச் சுட்டது 'நல்லாயிருக்கேன்' இல்லை, அதை ஒட்டிக்கொண்டே வந்த அந்த 'நீங்க?'. மூச்சு விடாமல் திருப்பிக் கேட்கிறவருக்குப் பதில் தேவையில்லை என்பது எதிரில் நிற்பவருக்குத் தெரியாமல் போகாது. பேச்சை மரியாதையாக முடித்து அனுப்புகிற வழி அது. பேருந்து நடத்துநரிடம் சரி. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற அக்காவிடம்?

சொந்தக் கதை பற்றிய உங்கள் தயக்கம் நியாயமானதுதான். ஹார்வி சாக்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் வெளியான ஒரு கட்டுரையில் இதைத்தான் பிரித்துப் பார்த்தார். 'நல்லாயில்லை' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் 'ஏன்?' என்று கேட்டாக வேண்டும், கேட்டால் நாம் சொல்லியாக வேண்டும். ஆனால் நம் கஷ்டத்தைக் கேட்கத் தகுந்தவர் எல்லாரும் இல்லை. அதனால் 'இவரிடம் சொல்லலாமா' என்பதை மனசு முதலில் முடிவு செய்கிறது, வேண்டாம் என்றால் 'நல்லாயிருக்கேன்' வந்துவிடுகிறது. அந்தப் பொய்க்குக் கூச்சப்பட வேண்டாம். உங்கள் பிரச்சினை வேறு: நீங்கள் அந்த முடிவை எடுப்பதே இல்லை, எல்லாருக்கும் ஒரே சரக்கு.

கதைக்கும் வெறும் 'நல்லாயிருக்கே'னுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. 'நல்லாயிருக்கேன்' என்று சொல்லிவிட்டு, இன்றைக்கு நடந்த ஒரு சின்ன விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். 'நல்லாயிருக்கேன்க்கா. மழை விட்டதில இன்னைக்குத்தான் துணி காய்ஞ்சுது.' அக்காவுக்கு நேரம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பேசுவார், இல்லையென்றால் சிரித்துவிட்டுப் போவார். இரண்டுமே அவர் இஷ்டம். அந்த விஷயத்தில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தால் இன்னும் நல்லது. 'நீங்க தந்த கறிவேப்பிலை நாத்து துளிர் விட்டிருக்குக்கா' என்று சொல்லிப் பாருங்கள், அன்றைக்குக் குளிக்கப் போகிறவர்கூட நின்று பேசுவார்.

கெட்டுப்போவது எங்கே என்றால், நீளத்திலும் பெருமையிலும். மகனுக்குக் கனடா விசா வந்ததையும் தங்கைக்குப் போட்ட பவுனையும் நலம் விசாரித்தவரிடம் முதல் மூச்சில் சொல்லக் கூடாது. அது பதில் இல்லை, அறிவிப்பு. நிஜமாகவே மனசு சரியில்லாத நாளில், கேட்டவர் நெருங்கியவர் என்றால், அளவோடு திறக்கலாம்: 'கொஞ்சம் அலைச்சல்தான்க்கா, அம்மாவுக்குக் கண்ணு ஆப்ரேஷன். ஞாயித்துக்கிழமை சாயா குடிக்க வாங்க, சொல்லுதேன்.' நடுத்தெருவில் முழுக் கதையும் வேண்டாம், ஆனால் பொய்யும் சொல்லவில்லை.

இனி திருப்பிக் கேட்பது. இதில்தான் பலரும் சறுக்குகிறார்கள், படித்தவர்கள் கொஞ்சம் கூடவே.

அக்கா உங்களிடம் குறிப்பாக எதையாவது கேட்டிருந்தால், உதாரணமாக 'அம்மைக்கு கண்ணு இப்ப எப்படி இருக்கு?' என்றால், உடனே 'பரவாயில்லக்கா, நீங்க எப்படி இருக்கியோ?' என்று தாவாதீர்கள். அவர் ஞாபகம் வைத்துக் கேட்டிருக்கிறார். கட்டுப் பிரித்தாகிவிட்டதா, சொட்டு மருந்து எத்தனை வேளை, டிவி பார்க்க விடுகிறார்களா என்று அதற்கு முழுசாகப் பதில் சொல்லி முடியுங்கள். உங்கள் முறை வரும்வரை பொறுக்கலாம்.

அவரைப் பற்றிக் கேட்கும்போது 'நீங்க?' என்று மொட்டையாகக் கேட்க வேண்டாம், அவர் வீட்டில் நடப்பதைத் தெரிந்து கேளுங்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். அக்கா வீட்டு அண்ணன் உங்கள் பக்கத்தில் பலரையும் போல ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஜூன் மாதம், நாலு நாளாக மழை. மரம் நனைந்தால் பால் சிரட்டையில் சேராமல் மழைநீரோடு பட்டையில் வழிந்து போகும். மழை மறைக்கும் பிளாஸ்டிக்கை மரத்தில் கட்டாத தோட்டம் என்றால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலியும் இல்லை. அந்த வாரம் பத்துப் பேர் நிற்கிற பஸ் ஸ்டாண்டில் 'அண்ணனுக்கு வேலை எப்படிக்கா போவுது?' என்று கேட்பது, அன்பாகவே கேட்டாலும், அக்காவை எல்லார் முன்னாலும் ஒரு பொய் சொல்ல வைக்கும். அதையே சாயங்காலம் சுவரோரம் நின்று, 'மழை விட்டபாடில்லையேக்கா, தோட்டத்துல பிளாஸ்டிக் கட்டியாச்சா?' என்று கேட்டால் விஷயம் தெரிந்தவள் கேட்கிறாள் என்று மனசு விடுவார். கடலோரத்திலும் இதே கதைதான். நம் குமரி மாவட்டத்திலேயே சின்னமுட்டம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. மே மாதம் குளச்சல்காரரிடம் 'தடைக்காலம் எப்படிப் போவுது?' என்று அனுதாபப்பட்டால், அவர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்.

சரி, கேட்டாகிவிட்டது. இனி வருகிற பதிலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 'நல்லாயிருக்கேன்' என்று பட்டென்று வந்தால் அத்தோடு விடலாம். 'ஏதோ இருக்கோம் பிள்ளே', 'அப்படியே போவுது' என்று இழுத்து வந்தால், அங்கே ஏதோ இருக்கிறது. கெயில் ஜெஃபர்சன் என்ற ஆய்வாளர் ஆங்கிலப் பேச்சில் இப்படிப்பட்ட அரைகுறைப் பதில்களை 1980இல் கவனித்து எழுதினார். சொல்பவர் கஷ்டத்தைச் சொல்வதில்லை, ஆனால் கஷ்டம் உண்டு என்று கோடி காட்டிவிடுகிறார். தொடர்ந்து கேட்பதும் விடுவதும் எதிராளி கையில். இந்த இடத்தில் உங்கள் வாய் தானாக 'சரிக்கா, வாறேன்' என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தடவை, குரலைத் தாழ்த்தி, 'என்னக்கா, ஒரு மாதிரி சொல்லுதியோ?' என்று கேளுங்கள். 'ஒண்ணும் இல்ல பிள்ளே' என்று வந்தால் அதோடு நிறுத்துங்கள். இரண்டாவது தடவை கேட்டால் அது விசாரணை. தோளில் தொங்கிய பையை அவர் கீழே இறக்கி வைத்தால் மட்டும், உங்கள் பஸ் போனாலும் பரவாயில்லை, நில்லுங்கள்.

துக்க வீட்டில் இந்தக் கேள்வியே வேண்டாம், கேட்பதும் திருப்பிக் கேட்பதும். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பின்னால் வரிசை நிற்கிற ரேஷன் கடையில், எடை போடுகிறவர் 'நல்லாயிருக்கியளா?' என்றால் சிரித்துவிட்டு நகருங்கள். அவர் கேட்டதற்கு அதுவே பதில்.

இன்னொரு வகையினர் உண்டு, உங்கள் தெருவிலும் இருப்பார்கள். நலம் விசாரிப்பது போல வந்து, உங்கள் வாயிலிருந்து விழுவதை அடுத்த வீட்டில் கொண்டுபோய் விற்பவர்கள். அவர்களுக்கு அந்தப் பழைய 'நல்லாயிருக்கேன், நீங்க?' கச்சிதமாகப் பொருந்தும். மாற்றவே மாற்றாதீர்கள்.