ஐசியூ ஏன் மூடப்பட்டது என்பதை முதலில் சொல்லுங்கள்

கேள்வி: எங்கள் மருத்துவமனை ஐசியூவில் கிருமி பரவி ஐந்து பேர் இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பொய்ச் செய்தி பரவியது. நிர்வாகம் மறுப்பு அறிக்கை கொடுத்தும் யாரும் நம்பவில்லை. எப்படி எழுதியிருக்க வேண்டும்?

நான் மருத்துவமனைத் தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவில் வேலை பார்க்கிறேன். "முற்றிலும் பொய், வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று மட்டும் எழுதும் அறிக்கையை மக்கள் நம்ப மாட்டார்கள். ஏனென்றால் வதந்தி வெறும் காற்றில் முளைப்பதில்லை. ஐசியூ பூட்டியிருந்ததையும் ஊழியர்கள் கவுன் போட்டுக்கொண்டு போனதையும் உறவினர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள். பார்த்ததற்கு நாம் விளக்கம் தராவிட்டால் வதந்திதான் அந்த விளக்கத்தைத் தரும்.

எனக்கு நேரில் தெரிந்த ஒரு சம்பவம் ஏறக்குறைய உங்களுடையதேதான். இரண்டு நோயாளிகளின் மூச்சுக்குழாய்ச் சளியில் அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியா வளர்ந்தது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத கிருமி அது. உடனே எல்லோரையும் வேறு வார்டுக்கு மாற்றிவிட்டு ஐசியூவைச் சுத்தம் செய்தார்கள். அந்த வாரத்தில் ஐந்து மரணங்கள் நடந்ததும் உண்மை. மரணமும் கிருமியும் பூட்டிய கதவும் ஒரே கதையாகிவிட்டன.

அறிக்கை எழுதும் முன் அந்த ஐந்து கேஸ் ஷீட்டுகளையும் மேசையில் விரித்துவைத்துப் பார்த்தோம். ஒருவருக்கு மாரடைப்பு, ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு, ஒருவருக்கு விபத்தில் தலைக்காயம். நான்காவது ஆளுக்கு ஸ்க்ரப் டைஃபஸ். அது தொற்றுதான், ஆனால் வரும்போதே காய்ச்சலோடு வந்தவர். அனுமதித்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தோன்றும் தொற்றைத்தான் பொதுவாக மருத்துவமனையில் வந்தது என்று கணக்கில் எடுப்போம். ஐந்தாவது ஆள்தான் சிக்கல். அசினெட்டோபாக்டர் வளர்ந்த இருவரில் அவரும் ஒருவர். ஆனால் அவருக்குக் காய்ச்சல் இல்லை, எக்ஸ்ரேயில் நிமோனியா இல்லை, ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் சோதனையில் எதுவும் வளரவில்லை. கிருமி குழாயில் குடியிருந்தது, உடலைத் தாக்கவில்லை. ஈரல் சுருக்கத்தால் உணவுக்குழாய் ரத்தநாளம் வெடித்து இறந்தார்.

இறப்புக் காரணச் சான்றிதழையும், அதாவது படிவம் 4-ஐயும், இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதில் உடனடிக் காரணமும் அதற்கு அடிப்படையான நோயும் தனித்தனி வரிகளில் இருக்கும். ஸ்க்ரப் டைஃபஸ் நோயாளிக்கு முதல் வரியில் "செப்சிஸ்" என்று, அதாவது தொற்று முற்றி உடல் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை என்று, எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை யாரோ படம் எடுத்துப் பகிர்ந்திருந்தார்கள். அடுத்த வரியில் இருந்த நோயின் பெயர் படத்தில் இல்லை.

இதையெல்லாம் பார்த்த பிறகு நான் இப்படி எழுதிக் கொடுத்தேன்:

"ஐசியூவில் இரண்டு நோயாளிகளின் மாதிரிகளில் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியா இருப்பது வழக்கமான பரிசோதனையில் தெரியவந்தது. முன்னெச்சரிக்கையாக நோயாளிகளை மாற்றிவிட்டு ஐசியூவை மூடிச் சுத்தம் செய்தோம். இந்த வாரம் ஐசியூவில் ஐந்து பேர் இறந்தனர். ஐந்து பேரின் பதிவேடுகளையும் பரிசீலித்தோம். யாரும் இந்தப் பாக்டீரியாவால் இறக்கவில்லை. ஒருவர் வெளியே ஏற்பட்ட தொற்றோடு அனுமதிக்கப்பட்டவர். மற்ற நோயாளிகளின் கல்ச்சர் முடிவுகளில் சில இன்னும் வர வேண்டியுள்ளன, வந்ததும் தெரிவிப்போம்."

கடைசி வாக்கியத்தை நிர்வாகம் எடுக்கச் சொன்னது. நான் விடவில்லை. ரத்தக் கல்ச்சரை வழக்கமாக ஐந்து நாள் வைத்துப் பார்த்த பிறகுதான் "வளர்ச்சி இல்லை" என்று முடிவாகச் சொல்ல முடியும். அதற்குள் "வேறு யாருக்கும் தொற்று இல்லை" என்று அடித்துச் சொன்னால், நாளைக்கு ஒரு பாட்டிலில் வளர்ந்துவிட்டால் உண்மையாகச் சொன்ன மற்றதும் பொய்யாகிவிடும். அதனால் அறிக்கையில் தேதியோடு நேரமும் இருக்கட்டும். 2014-இல் டல்லாஸில் எபோலா நோயாளியை முதல் முறை வீட்டுக்கு அனுப்பிவிட்ட மருத்துவமனை, கணினிப் பதிவேட்டுக் குறைபாடுதான் காரணம் என்று அறிக்கை விட்டது. மறுநாளே அப்படிக் குறைபாடு இல்லை என்று திருத்தியது. சரிபார்க்காத காரணத்தை அவசரத்தில் எழுதினால் இதுதான் நடக்கும்.

இன்னொன்று, இறந்தவர்களின் வயது, ஊர், நோய் எதையும் இன்னாருடையது என்று கண்டுபிடிக்கும்படி எழுதாதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் சின்ன ஊரில் யார் என்று தெரிந்துவிடும். மேலே நான் இங்கே சொன்ன நோய்ப் பட்டியலும் அறிக்கையில் இல்லை. நிருபர்களிடம் போகும் முன் ஐந்து குடும்பங்களுக்கும் சிகிச்சை பார்த்த மருத்துவரே போன் செய்து, அவரவர் வீட்டு மரணத்தை மட்டும் விளக்க வேண்டும். தங்கள் வீட்டுச் சாவைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும் குடும்பம் கொதித்துப் போவதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் நிர்வாகத்தின் பழைய மறுப்பைத் திரும்பப் பெற வேண்டியதில்லை. ஐசியூ ஏன் மூடப்பட்டது, எப்போது திறக்கும் என்ற இரண்டையும் சேர்த்து இரண்டாவது அறிக்கை கொடுக்கச் சொல்லுங்கள்.