கனடாவில் பி.ஆர். என்றால் குடியுரிமையா?

என் மகன் குடும்பத்துக்குக் கனடாவில் பி.ஆர். கிடைத்துவிட்டது. அதுவும் குடியுரிமையும் ஒன்றுதானா?

இல்லை. பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை, இந்தியக் குடிமக்களாகவே இருந்துகொண்டு கனடாவில் காலவரையின்றி வாழவும் வேலை பார்க்கவும் தரப்படும் உரிமை. அங்கே வாழ்வதற்கென்றே தரப்படுவதால், ஐந்தாண்டுக் காலத்தில் 730 நாட்களாவது அங்கே இருந்திருக்க வேண்டும். மயிலாப்பூரில் நோயுற்ற தாயைக் கவனிக்க மகன் நான்காண்டுகள் தங்கிவிட்டால், மீதமுள்ள 365 நாட்கள் போதாமல் உரிமை கேள்விக்குள்ளாகும். மனிதாபிமானக் காரணங்களை அதிகாரிகள் பரிசீலிப்பார்கள், ஆனால் அதை நம்பித் திட்டமிடுவது சரியல்ல. குடியுரிமை பெற்றபின் அதைத் தக்கவைக்க இந்த நாள்கணக்கு இல்லை, வாக்குரிமையும் உண்டு. வாடகை வீட்டை நெடுநாள் பூட்டிவைத்தால் உரிமையாளர் கேட்பார்; சொந்த வீட்டை யார் கேட்பது? ஆனால் கனடியக் குடியுரிமை பெற்றதும் இந்தியக் குடியுரிமை முடிந்துவிடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டையை இரட்டைக் குடியுரிமை என்று பலர் கருதுகிறார்கள். அது வாழ்நாள் விசாவைப் போன்றதே, அதைக் கொண்டு இங்கே வாக்களிக்க முடியாது.