அலாரத்துக்கு முன்பே விழித்துக்கொள்ளும் பயம்

கேள்வி: வயது 39. தனியார் கம்பெனியில் கடன் வசூல் பிரிவில் இருக்கிறேன். அலாரம் ஆறு மணிக்கு. ஆனால் நாலரைக்கே விழிப்பு வந்துவிடுகிறது. இன்றைக்கு என்ன ஆகுமோ என்று வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது. சீக்கிரம் படுத்தால் சரியாகும் என்று ஒன்பதுக்கே படுக்கிறேன். மருந்துக்கடையில் ஒரு சின்ன மாத்திரை கொடுத்தார்கள். முதலில் நன்றாக இருந்தது, இப்போது மறுபடியும் அதேதான். என்ன செய்வது?

பதில்: முதலில் ஒன்பது மணிக்குப் படுப்பதை விடுங்கள். ஒன்பதிலிருந்து நாலரை வரை ஏழரை மணி நேரம் ஆகிறது. உங்கள் வயதுக்கு அதுவே போதும். உடம்பு தூங்கி முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறது. இன்னும் முன்னதாகப் படுத்தால் மூன்றரைக்கு விழிப்பீர்கள். படுக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்தரைக்குத் தள்ளுங்கள். எழுவது ஞாயிறு உட்பட ஆறு மணிக்கு. முதல் வாரம் பகலில் தூக்கம் சொக்கும். சமாளித்துவிடுங்கள், மதியத் தூக்கம் வேண்டாம்.

சரி, விழித்ததும் ஏன் பயம்? விடிவதற்குச் சில மணி நேரம் முன்பே கார்ட்டிசால் என்ற சுரப்பு இரத்தத்தில் ஏறத் தொடங்கும். கண் விழித்தபின் அரை மணி, முக்கால் மணி வரை இன்னும் ஏறும். எல்லோருக்கும் அப்படித்தான். அந்த நேரத்தில் வசூல் டார்கெட் நினைவுக்கு வந்தால், உடம்பின் வேகம் மனதின் பயத்தோடு சேர்ந்துகொள்கிறது. இதைச் சாக்காக வைத்து ‘ஸ்ட்ரெஸ் பேக்கேஜ்’ என்று கார்ட்டிசால் பரிசோதனை விற்கிறார்கள். காலையில் எடுத்த ரத்தத்தில் அது கூடுதலாகத்தான் இருக்கும். அதை வைத்து உங்கள் பதற்றத்தை அளக்க முடியாது. பணத்தைக் கொட்டாதீர்கள்.

நாலரைக்கு விழித்தால் மணி பார்க்காதீர்கள், போனைத் தொடாதீர்கள். மணி தெரிந்துவிட்டால் ‘இன்னும் ஒன்றரை மணி நேரம்தான்’ என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு தணியும், தூக்கம் வந்தாலும் வராவிட்டாலும். ஏறக்குறைய இருபது நிமிடம் புரண்டும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கலான விளக்கில் நாற்காலியில் உட்காருங்கள். துணி மடியுங்கள், பழைய வாரப்பத்திரிகையைப் புரட்டுங்கள். ஆபீஸ் மெயில் கூடாது. தூக்கம் வந்தால் மறுபடி படுக்கலாம். வெறும் வயிற்றில் காபி குடித்தால் படபடப்பு கூடும், கொஞ்சம் சாப்பிட்டபின் குடியுங்கள்.

பயத்தின் சங்கதியை முந்தின நாள் மாலையிலேயே காகிதத்துக்கு மாற்றுங்கள். ஏழு மணிக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ‘மேனேஜர் கத்துவார்’ என்று மட்டும் எழுதினால் பயன் இல்லை. ‘ஒன்பதரை மீட்டிங்கில் பாக்கி மூன்று பேரைப் பற்றிக் கேட்பார், இருவர் தந்த தேதியைச் சொல்வேன், மூன்றாமவருக்குப் பத்து மணிக்குப் பேசுவேன்’ என்று அடுத்த செயல்வரை எழுதுங்கள். விடியலில் அதே எண்ணம் வந்தால், ‘எழுதியாச்சு’ என்று விட்டுவிடலாம்.

இப்போது அந்த மாத்திரை. எழுதியதைப் பார்த்தால் பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாதிரி இருக்கிறது. அட்டையில் பெயரைப் பாருங்கள். அது ஹெச்1 பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுதவேண்டும். எந்தக் கடையில் எழுதுகிறார்கள்? யார் போய்ப் பார்க்கிறார்கள்? வருபவரின் முகத்தைப் பார்த்து ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுத்துவிடுகிறார்கள். இரவு போட்டதன் வீரியம் விடியலில் இறங்கும்போது பதற்றம் முன்னைவிடக் கூடுதலாகக் கிளம்பலாம். நாளாக ஆகப் பழைய அளவு போதாமல் போகும். ஆனால் எவ்வளவு நாள் சாப்பிட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. சில வாரங்களுக்கு மேல் தினமும் என்றால், இதைப் படித்த வேகத்தில் நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும்.

இந்த வழிகள் போதாத ஒரு நிலை உண்டு. காலை முழுக்க மனம் கல்லாகக் கனத்து, மாலையில் கொஞ்சம் லேசாகிறதா? ஞாயிற்றுக்கிழமையும் அப்படியேதானா? பிடித்த சாப்பாடும் பிள்ளைகளின் பேச்சும் ருசிக்கவில்லையா, சட்டை தொளதொளக்கிறதா? இரண்டு வாரமாக இப்படி என்றால் இது வெறும் வேலைப் பயமாக இல்லாமல் மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதில் விடியலுக்கு வெகு முன்பே விழிப்பது ஒரு முக்கிய அறிகுறி. ஞாயிறு காலை நிம்மதியாக இருந்து திங்கள் விடியலில் மட்டும் பிசைந்தால் மேலே சொன்னவை பெரும்பாலும் போதும். ஞாயிறும் அதேதான் என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே இருப்பார்கள். கூட்டத்தில் ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்பதால், எத்தனை மணிக்கு விழிக்கிறீர்கள், எந்த நேரம் மோசம், எந்த மாத்திரை எத்தனை நாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் வரிசைக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். இலவசம், தமிழிலும் பேசலாம்.