என்னை, எனக்கு: ஒற்று எங்கே இரட்டிக்கும், எங்கே இரட்டிக்காது? – கேள்வி பதில்

பொன்னுக்கு சரி, கண்ணுக்கு சரி, 'என்னுக்கு' மட்டும் ஏன் தப்பு? ஏழாவது படிக்கும் என் மகள் கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

மகள் ஒப்பிட்ட சொற்கள் பொருத்தமானவை. பொன், என் இரண்டுமே ஒரு குறில், ஒரு மெய். பின்னால் உயிர் வந்தால் அந்த மெய் இரட்டிக்கும்: பொன்+ஐ பொன்னை, என்+ஐ என்னை. இதுவரை இரண்டும் ஒரே வழி.

'கு' வரும்போதுதான் பாதை பிரிகிறது. அது மெய்யில் தொடங்குவதால் நடுவில் ஓர் உயிர் வேண்டும். பெயர்ச்சொல் 'உ'வை எடுத்துக்கொள்கிறது. அதுவும் உயிர்தானே, ன் இரட்டித்துப் பொன்னுக்கு ஆகிறது. 'என்' எடுத்துக்கொள்வது 'அ': என்+அ+கு. இங்கே ன் இரட்டிக்காது, க் மட்டும் இரட்டித்து எனக்கு ஆகும். நன்னூல் இதைத் தனியாகவே விலக்கி வைக்கிறது: 'குவ்வின் அவ்வரும் நான்காறு இரட்டல'. கு வந்தால் அ வரும். நான்காம், ஆறாம் வேற்றுமைகளில் ஒற்று இரட்டாது.

உன், தன், நம், உம், தம், எம் எல்லாம் இப்படித்தான்: உன்னை–உனக்கு, தன்னை–தனக்கு, நம்மை–நமக்கு. மகளிடம் இந்த இணைகளை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். 'என்னக்கு', 'உன்னக்கு' என்று ன் கூடுதலாக எழுதும் பிழையும் இதில் தெரிந்துவிடும்.

உருபு வரும்போது நெடிலைக் குறிலாக்கினால் போதும், இதில் பெரிய விதி எதுவும் இல்லை. தான் தன் ஆகிறது, நாம் நம் ஆகிறது, நானும் அப்படியே.

தான், தாம், நாம் மூன்றுக்கும் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதே கணக்கில் நான் 'நன்' ஆகியிருக்க வேண்டும். தமிழில் அப்படி இல்லை. 'என்' வந்தது பழைய 'யான்' என்ற சொல்லோடு. பிறகு எழுவாய் இடத்தில் 'நான்' வழக்குக்கு வந்தது, உருபு ஏற்கும் இடத்தில் 'என்' அப்படியே நின்றுவிட்டது. நாங்கள்–எங்கள் இணையும் இதே கதை. அதன் பழைய எழுவாய் யாங்கள். 'நீ'யும் உங்கள் விதிக்குள் வராது: முன்பு நின், இப்போது உன்.

அப்படியானால் எங்களக்கு, உங்களக்கு என்றல்லவா வர வேண்டும்?

வராது. எங்கள், உங்கள், தங்கள் மூன்றும் 'கள்' ஈற்றுச் சொற்கள், மரங்கள்–மரங்களுக்கு போல 'உ'வையே எடுக்கும்: எங்களுக்கு. தனிக்குறில் இல்லாததால் ள் இரட்டிக்கவும் வழியில்லை: எங்களை.

பெங்களூரில் இருக்கிறேன். கன்னடத்தில் 'நன்னன்னு', ஆனால் 'நனகெ' என்கிறார்கள். இது தற்செயலா?

நல்ல சான்று கொடுத்தீர்கள். என்னை அங்கே 'நன்னன்னு', இரட்டித்து வருகிறது. எனக்கு 'நனகெ', ஒற்றை ன. உனக்கு என்பது 'நினகெ', நமக்கு என்பது 'நமகெ'. மலையாளத்திலும் நின்னெ, ஆனால் நினக்கு. ஆகவே இந்த வேறுபாடு நன்னூலுக்கு மிக முந்தையதாகத்தான் இருக்க வேண்டும். நான்காம், ஆறாம் வேற்றுமைகள் மட்டும் ஏன் இப்படி விலகின என்பதை நூற்பா விளக்கவில்லை, நடப்பைப் பதிவு செய்கிறது. (கன்னடத்தில் 'நன்' இருப்பதைப் பாருங்கள். முன்பு சொன்ன குறுக்க விதி அங்கே நடந்திருக்கிறது.)

எனக்குத் தெரியும் என்பதில் த் போட வேண்டுமா? இதைத்தானே பேசுகிறோம்?

அது உருபுக்குப் பின்னால் வரும் சந்தி, இங்கே பேசுவது உருபுக்கு முன்னால் உள்ள ஒற்றைப் பற்றி. போட வேண்டும்: எனக்குத் தெரியும், என்னைக் கேள். ஆனால் 'என் கை', 'உன் தம்பி' என உருபு இல்லாமல் வரும்போது போடக்கூடாது.

ஆறாம் வேற்றுமையிலும் இரட்டாது என்றீர்கள். 'என்னுடைய' இரட்டிக்கிறதே? பேச்சில் 'என்னுது' என்றும் சொல்கிறோம்.

விலக்கு 'அது' என்ற உருபுக்கு: எனது, உனது, நமது. 'உடைய' உருபல்ல, உயிரில் தொடங்கும் தனிச்சொல்லாக வந்து சேர்கிறது. அதனால் பொது விதிப்படி என்+உடைய என்னுடைய. 'என்னுது' பேச்சில் எல்லோரும் சொல்வது, எழுத்தில் 'என்னுடையது' என்றே எழுதுங்கள்.

'எனது மகன்' என்று எழுதக்கூடாது, 'என் மகன்'தான் சரி என்று எங்கள் தமிழாசிரியர் அடித்துவிட்டார்.

அவர் பழைய மரபைச் சொல்கிறார். 'அது' உருபு அஃறிணை ஒருமைக்கு உரியது: எனது வீடு. மகன் உயர்திணை, ஆகவே என் மகன். இன்றைய உரைநடையில் 'எனது மகன்', 'எனது புத்தகங்கள்' இரண்டும் தாராளமாகப் புழங்குகின்றன, அவற்றைப் பிழை என்று நான் அடிக்க மாட்டேன். தேர்வில் எழுதுவதானால் 'என் மகன்' என்று எழுதுங்கள்.

அப்படிச் சமாதானம் செய்துகொண்டே போனால் இலக்கணம் எதற்கு, ஐயா? நானும் தமிழாசிரியர்தான், அடிக்கத்தான் செய்வேன்.

அடியுங்கள். ஆனால் விடைத்தாளில் ஓரமாக 'அது உருபு, உயர்திணைக்கு ஆகாது' என்று காரணத்தையும் எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த முறை அந்த மாணவர் 'எனது வீடு' என்பதையும் தப்பென்று நினைத்துவிடுவார்.