ரத்த தானம் செய்த பிறகு பேருந்தில் மயங்கியது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 23, எடை 52 கிலோ. நேற்று மருத்துவமனை முகாமில் முதன்முறையாக 350 மி.லி. ரத்தம் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் பேருந்தில் நின்றபடி சென்றபோது மயங்கி விழுந்தேன். காலையில் தேநீர் மட்டுமே குடித்திருந்தேன். படிவத்தில் சாப்பிட்டதாக எழுதிவிட்டேன். முந்தைய நாள் தலைவலிக்கு ஆஸ்பிரின் போட்டதையும் எழுதவில்லை. ஏதேனும் ஆபத்தா?
- ஒரு வாசகி, திருச்சி

மருத்துவர் பதில்: முதலில் ஆஸ்பிரினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அதற்குத்தான் அவசரம். உங்களுக்கு அதனால் ஆபத்தில்லை. ஆனால், ரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களை ஆஸ்பிரின் செயலிழக்கச் செய்கிறது; ஒருமுறை செயலிழந்த தட்டணு, தன் ஆயுள் முடியும் வரை அப்படியேதான் இருக்கும். நீங்கள் கொடுத்த பையிலிருந்து தட்டணுக்களைத் தனியே பிரித்திருந்தால், டெங்குவிலோ புற்றுநோய்ச் சிகிச்சையிலோ இருப்பவருக்கு அவை போதிய பலன் தராமல் போகலாம். சிவப்பணுக்களுக்குக் குறையில்லை, அவற்றை வழக்கம்போலப் பயன்படுத்தலாம். பிரித்த தட்டணுக்களைப் பொதுவாக 5 நாட்கள்தான் வைத்திருப்பார்கள் என்பதால், இன்றே அந்த ரத்த வங்கியை அழைத்து, கொடையாளர் அட்டையிலுள்ள எண்ணைச் சொல்லி, மாத்திரை போட்ட நாளைத் தெரிவியுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். இத்தகைய அழைப்பை நாங்கள் விரும்புகிறோம். அடுத்த சில நாட்களில் காய்ச்சல் வந்தாலும் இதேபோல் சொல்லிவிட வேண்டும்.

இனி மயக்கம். உங்கள் எடைக்கு உடலில் சுமார் மூன்றரை லிட்டர் ரத்தம் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு வெளியேறியிருக்கிறது. படுத்திருக்கும்போதும் உட்கார்ந்திருக்கும்போதும் உடல் அதைச் சமாளித்துவிடும். வெறும் வயிறும் நீர்க்குறைவும் சேர்ந்திருக்க, நெரிசலில் அசையாமல் நின்றால், ரத்தம் கால்களில் தேங்கி, மூளைக்குச் செல்லும் அளவு சட்டென்று குறைகிறது. முதல்முறை கொடுப்பவர்களிடமும் எடை குறைந்த இளம் பெண்களிடமும் இந்தத் தாமத மயக்கம் சற்று அதிகம். 'சாப்பிட்டீர்களா' என்று படிவம் கேட்பது உபசாரத்துக்காக அன்று. நீங்கள் உண்மையை எழுதியிருந்தால், செவிலியர் இட்லி வாங்கிக் கொடுத்து, சற்று நேரம் கழித்தே ஊசி போட்டிருப்பார்.

விழுந்தபோது தலையில் அடிபட்டிருந்தாலோ, மயக்கம் திரும்ப வந்தாலோ நேரில் வந்து காட்டுங்கள். இல்லையெனில் இரண்டு நாட்களுக்கு நீர், மோர், உப்பிட்ட கஞ்சி ஆகியவற்றைத் தாராளமாகக் குடியுங்கள். குறைந்த நீர்ப்பகுதி அதற்குள் நிரம்பிவிடும். தலை சுற்றுவதுபோல் இருந்தால், எந்த இடமாயினும் கூச்சப்படாமல் படுத்துக் கால்களை உயர்த்திக்கொள்ளுங்கள். ஊசி போட்ட கையால் இன்று கனமான பொருளைத் தூக்க வேண்டாம். அந்த இடம் சற்றே நீலம் பாரித்தால் அஞ்ச வேண்டியதில்லை. வீக்கம் பெருகினாலோ விரல்கள் மரத்துப்போனாலோ காட்டியாக வேண்டும்.

சிவப்பணுக்கள் நிரம்பச் சில வாரங்களும், இழந்த இரும்புச்சத்து நிரம்ப அதைவிட நெடுநாளும் ஆகும். பெண்கள் மறுபடி ரத்தம் கொடுக்க 120 நாட்கள் இடைவெளி வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடுத்த முறை, முன்னதாகவே அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, இந்த மயக்கத்தையும் மறவாமல் படிவத்தில் எழுதுங்கள்.